வழியில் நின்றுபோன பார்சல்: கூரியர் நிறுவனத்துக்கு எழுதித் தேட வைப்பது எப்படி

2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. தங்கை மகள் புனேவில் புதுவீடு குடிபோகிறாள் என்று, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றையும் இரண்டு புடவைகளையும் ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி, கும்பகோணத்தில் ஒரு கூரியர் பிராஞ்சில் போட்டேன். எடை 8.4 கிலோ, கட்டணம் 760 ரூபாய். தரைவழியில் ஐந்தாறு நாளில் போய்விடும் என்றார்கள். 5ஆம் தேதி இரவு 11.40க்கு, பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து வண்டியேற்றும் சென்னை ஹப்பில் ஒரு ஸ்கேன் விழுந்தது. அதோடு சரி. அடுத்த ஆறு நாளும் ட்ராக்கிங் பக்கத்தில் `In Transit` என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் ஒரே பதில்: "வண்டியில ஏறிடுச்சு சார், நாளைக்கு வந்துடும்." நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. போனை எடுப்பவர் பார்ப்பதும் நான் பார்க்கும் அதே பக்கத்தைத்தான். அவருக்கு என் பெட்டியைப் பற்றி என்னைவிட அதிகமாக எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், எங்கோ ஒரு ஹப்பில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து, தளத்தில் குவிந்து கிடக்கும் பெட்டிகளுக்கு நடுவே நடந்து பார்க்க வேண்டும். நாம் எழுதும் கடிதத்தின் வேலை அந்த ஒருவரை எழுப்புவதுதான். கோபத்தைக் கொட்டி எழுதும் கடிதத்துக்கு "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வரும். எங்கே, எதை, எப்படித் தேட வேண்டும் என்று சொல்லும் கடிதம் தேடுபவர் கையில் போய்ச் சேரும்.

முதலில் ட்ராக்கிங்கைப் படியுங்கள்

பார்சல் தன் பயணத்தில் ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் ஒரு ஸ்கேன் விழும். புக்கிங் பிராஞ்சில் ஒன்று, அங்கிருந்து கிளம்பும்போது ஒன்று, ஹப்புக்குள் நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. நாம் பார்க்க வேண்டியது கடைசி ஸ்கேன் எந்த ஊர், என்ன நேரம், உள்ளே வந்ததா வெளியே போனதா என்பது. `In Transit` என்ற சொல்லுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. டெலிவரி ஆகாத, திரும்பியும் வராத எல்லாவற்றுக்கும் கணினி வைத்திருக்கும் பொதுப்பெயர் அது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. சின்னப் பார்சல்களைத் தனித்தனியாக ஏற்றமாட்டார்கள். ஒரே ஊருக்குப் போகிறவற்றை ஒரு பெரிய பையில் போட்டு, வாயைச் சீல் வைத்து, பைக்கு ஒரு எண் கொடுத்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அதை மேனிஃபெஸ்ட் என்பார்கள். பை ஒரு ஹப்பைத் தாண்டும்போது பையை மட்டும் ஸ்கேன் செய்தால், பட்டியலில் உள்ள எல்லாப் பார்சல்களும் அந்த ஹப்பைத் தாண்டியதாகக் கணினி எழுதிக்கொள்ளக்கூடும். உங்கள் பார்சல் பட்டியலில் ஏறி, பைக்குள் விழாமல் மேசைக்கு அடியில் கிடந்தாலும், ட்ராக்கிங்கில் அது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். பையைப் பிரித்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும் இடத்தில்தான் ஒன்று குறைகிறது என்று தெரியவரும். ஆகவே சின்னப் பார்சலாக இருந்தால், கடைசி ஸ்கேன் நடந்த இடத்தை மட்டும் நம்பாதீர்கள். பையில் போட்ட இடம் எது என்றும் பாருங்கள். `Bagged` என்பது போல ஒரு வரி ட்ராக்கிங்கில் இருந்தால் அந்த ஊரும் சந்தேகத்துக்கு உரியதே.

என்னுடையது கனமான பெட்டி. அப்படிப்பட்டவை பைக்குள் போகாமல் தனியாகத்தான் போகும், தனியாகத்தான் ஸ்கேன் ஆகும். எனவே பிப்ரவரி 5 இரவு அது சென்னை ஹப்பில் இருந்தது என்பது அநேகமாக உண்மை. வெளியேறும் ஸ்கேன் விழுந்திருக்கிறது, புனேயில் உள்ளே வந்த ஸ்கேன் விழவில்லை. அப்படியானால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். ஸ்கேன் ஆகியும் வண்டியில் ஏறாமல் சென்னையிலேயே நின்றிருக்கலாம். வேறு ஊர் வண்டியில் ஏறியிருக்கலாம். அல்லது புனே போய்ச் சேர்ந்து, லேபிள் கிழிந்ததால் ஸ்கேன் ஆகாமல் ஒரு மூலையில் கிடக்கலாம். கடிதம் எழுதும் முன் இப்படி ஒரு ஊகத்துக்கு வந்துவிடுங்கள். கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வந்துவிடும்.

பின்கோடையும் ஒருமுறை சரிபாருங்கள். கூரியரில் பார்சல் எந்த ஊருக்குப் போகிறது என்பதை முகவரி தீர்மானிப்பதில்லை, பெரும்பாலும் பின்கோடுதான். கோவைக்கு 641 என்று தொடங்க வேண்டியதை 614 என்று தட்டிவிட்டால் பெட்டி மன்னார்குடிப் பக்கம் போய் நிற்கும். ரசீதில் அச்சான எண்ணைப் பாருங்கள், நீங்கள் எழுதிக் கொடுத்ததை அல்ல.

இதெல்லாம் ஆனதும் ட்ராக்கிங் பக்கத்தை முழுசாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. பிற்பாடு ஒரு புது வரி சேரலாம். அதைவிட எரிச்சலான விஷயம், யாரோ புகாரை மூடுவதற்காக, ஆள் வராமலேயே "டெலிவரிக்கு வந்தோம், வீடு பூட்டியிருந்தது" என்று ஒரு வரி போட்டுவிடலாம். அப்போது இந்தப் படம்தான் உதவும்.

எப்போது எழுதுவது

சொன்ன நாளுக்கு மறுநாளே எழுதினால் "வந்துகொண்டிருக்கிறது" என்ற பதில்தான் வரும், அது நியாயமும்கூட. நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: சொன்ன தேதி தாண்டியிருக்க வேண்டும், கடைசி ஸ்கேன் விழுந்து மூன்று வேலைநாளாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டால் ஒருநாளும் தள்ளாதீர்கள். ஹப்பில் கேமரா பதிவு குறிப்பிட்ட சில நாள்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். அன்று இரவு லோடு ஏற்றியவருக்கும் வாரம் இரண்டு ஆனால் எதுவும் ஞாபகம் இருக்காது. மருந்து, பாஸ்போர்ட், பரீட்சைச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒருநாள் ஸ்கேன் நின்றாலே எழுதுங்கள்.

யார் எழுதுவது, யாருக்கு

அனுப்பியவர் எழுத வேண்டும். கூரியர்காரருக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கியவர் அவர்தான். என் தங்கை மகளும் தினமும் போன் செய்துகொண்டிருந்தாள், "மாமா, ரெண்டு நாளா வெளியவே போகாம வீட்டிலயே இருக்கேன்" என்று. ஆனால் அவள் கேட்டால், "அனுப்பினவங்களைப் பேசச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஆன்லைனில் வாங்கிய பொருள் என்றால் அனுப்பியவர் விற்பனையாளர். கூரியரோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

நாமே அனுப்பியது என்றால் மூன்று இடத்துக்கு ஒரே மின்னஞ்சல் போக வேண்டும்: நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை, புக்கிங் செய்த பிராஞ்ச், அப்புறம் நிறுவனத்தின் இணையதளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர்ப்பு அலுவலர். பல ஊர்களில் பிராஞ்ச் என்பது ஃபிரான்சைஸ் எடுத்த தனியார் கடை. அவர் நல்லவராக இருந்தாலும் சென்னை ஹப்பில் அவர் பேச்சு எடுபடாது. ஆனால் ஹப்பின் உள்எண்ணும் அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும், அதனால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதும் முன் ஒரே ஒரு போன் மட்டும் செய்யுங்கள், புகார் எண் வாங்குவதற்காக. அந்த எண் இல்லாத மின்னஞ்சல் வரிசையில் பின்னால் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். கூரியர் நிறுவனங்களின் பெயரில் போலி எண்கள் நிறையத் திரிகின்றன. "முகவரி சரியில்லை, ஐந்து ரூபாய் கட்டினால் மறுபடி டெலிவரி" என்று ஒரு லிங்க் வரும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்வார்கள். அந்த ஐந்து ரூபாயில் கணக்கே காலியாகும். பார்சல் வராத பதற்றத்தில் இருப்பவர்தான் இதில் எளிதாக மாட்டுகிறார். ரசீதில் அச்சான எண், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண், இவை மட்டும் போதும். கன்சைன்மென்ட் எண்ணைச் சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்கப் போடுவதும் இதே வலைக்கு நாமே போய் நிற்பதுதான். மாட்டிக்கொண்டுவிட்டால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கன்சைன்மென்ட் எண், தேதி, இரண்டு பக்க முகவரி, பின்கோடு, எடை, அறிவித்த மதிப்பு ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது பெட்டியின் அங்க அடையாளத்தை. எண்ணை வைத்துத் தேட முடிந்திருந்தால் பெட்டி தொலைந்தே இருக்காது. லேபிள் போனபின் அது பெயரில்லாத ஒரு பழுப்புப் பெட்டி, அவ்வளவுதான். ஹப்புகளில் இப்படிப்பட்டவற்றை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். அங்கே நிற்பவருக்கு உதவுவது "பச்சை நைலான் கயிறு, நாலு மூலையிலும் வெள்ளை டேப்" என்பது போன்ற விவரம். உள்ளே என்ன இருக்கிறது, எதில் சுற்றியிருக்கிறது என்பதும் வேண்டும். ஏனென்றால் கடைசியில் பெட்டியைத் திறந்துதான் பார்ப்பார்கள். புக்கிங்குக்கு முன் பெட்டியைப் படமெடுத்திருந்தால் பெரிய அதிர்ஷ்டம். நான் எடுக்கவில்லை. ஆனால் பெட்டி கட்டிய அன்று தங்கை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படத்தில் ஓரமாக அது தெரிந்தது. அதை வெட்டி இணைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை நான் அனுப்பியது கிட்டத்தட்ட இதுதான். பொருள் வரியிலேயே கன்சைன்மென்ட் எண், புகார் எண், "சென்னை ஹப், 5-2-2025க்குப் பின் ஸ்கேன் இல்லை", "14-2-2025க்குள் பதில் தேவை" என்று நாலையும் போட்டுவிட்டேன். மின்னஞ்சலைத் திறக்காமலே விஷயம் தெரிய வேண்டும்.

> வணக்கம்.
>
> கன்சைன்மென்ட் எண் (முழு எண்), புகார் எண் (முழு எண்). 3-2-2025 அன்று கும்பகோணம் பிராஞ்சில் புக் செய்தேன். சேர வேண்டிய இடம் புனே, பின்கோடு 411038. தரைவழி. எடை 8.4 கிலோ, கட்டணம் ரூ.760, அறிவித்த மதிப்பு ரூ.14,500. 8-2-2025க்குள் சேரும் என்று சொல்லப்பட்டது.
>
> கடைசி ஸ்கேன்: 5-2-2025, இரவு 11.40, சென்னை ஹப், வெளியேறியது. அதற்குப் பின் எந்த ஹப்பிலும் பதிவு இல்லை. 11-2-2025 காலை எடுத்த ட்ராக்கிங் படத்தை இணைத்துள்ளேன்.
>
> பெட்டி: பழுப்பு அட்டைப்பெட்டி, சுமார் 18 × 12 × 10 அங்குலம். பச்சை நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டியது. மூலைகளில் வெள்ளை டேப். உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து பாகமாகக் கழற்றி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றியது. அதன் உச்சியில் அன்னம். கூடவே இரண்டு பட்டுப்புடவைகள், ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று கரும்பச்சை. பெட்டியின் படம், விளக்கின் படம், பில்கள் இணைப்பில்.
>
> கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன்.
>
> 1. 5-2-2025 இரவு சென்னை ஹப்பிலிருந்து இந்தப் பெட்டி ஏறியதாகப் பதிவான வண்டி எது? அந்த வண்டியின் மேனிஃபெஸ்டில் இது உள்ளதா? புனேயில் இறக்கும்போது குறைவு என்று குறிக்கப்பட்டதா?
> 2. சென்னையிலும் புனேயிலும் லேபிள் இல்லாத பெட்டிகளில் மேற்கண்ட அடையாளத்தோடு நேரில் தேடிப் பார்க்கப்பட்டதா?
> 3. அதே இரவு சென்னையிலிருந்து மற்ற ஊர்களுக்குச் சென்ற வண்டிகள் இறங்கிய ஹப்புகளில், கணக்குக்கு மேல் வந்த பெட்டி ஏதேனும் உண்டா?
>
> 5-2-2025 இரவு 11 முதல் 1 மணி வரை சென்னை ஹப்பில் லோடு ஏற்றிய இடத்தின் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கவும்.
>
> இந்த மூன்று கேள்விகளுக்கும் 14-2-2025 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் பதில் தேவை. 21-2-2025க்குள் பெட்டியை டெலிவரி செய்யவும், அல்லது தொலைந்துவிட்டது என்று எழுத்தில் உறுதி செய்து இழப்பீட்டுப் படிவம் அனுப்பவும். இரண்டும் நடக்காவிட்டால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி இழப்பு அறிவிப்பு அனுப்பிவிட்டு நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

பிராஞ்சுக்குத் தமிழில் எழுதலாம். தலைமை அலுவலகத்துக்கும் வெளிமாநில ஹப்புக்கும் போகிற பிரதியை எளிய ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள், இதே வரிசையில். அங்கே தேடுகிறவருக்குப் புரிவதுதான் முக்கியம்.

இதில் எங்குமே "உங்கள் மோசமான சேவை" என்று ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதிப் பார்த்தேன், ஒரு பத்தி நன்றாகவே வந்தது. அனுப்பும் முன் எடுத்துவிட்டேன்.

கெடுவை இரண்டாகப் பிரியுங்கள்

"உடனடியாக" என்பது கெடு அல்ல. "ஏழு நாளுக்குள்" என்பதும் பாதிக் கெடுதான், எந்த நாளிலிருந்து ஏழு என்று அவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். தேதி, கிழமை, மணி மூன்றும் வேண்டும். மேலே நான் இரண்டு கெடு வைத்தேன், காரணத்தோடுதான். முதலாவது பதிலுக்கு, மூன்று வேலைநாள். இரண்டாவது பெட்டிக்கு, பத்து நாள். இரண்டையும் ஒன்றாக்கி "மூன்று நாளில் பெட்டி வேண்டும்" என்று எழுதினால் அது நடக்காத காரியம். புனேயில் கிடைத்தாலே மூன்று நாள் ஆகும், வேறு ஊரில் கிடைத்தால் வண்டி பிடித்து வர ஒரு வாரம் ஆகும். நடக்காத கெடுவை அவர்கள் படித்தவுடனேயே ஒதுக்கிவிடுவார்கள். பதில் சொல்வது நடக்கக்கூடிய காரியம் என்பதால், அதைச் செய்யாமல் விட்டால் தவறு அவர்கள் பக்கம் பளிச்சென்று நிற்கும்.

சொல்லும் விளைவும் நீங்கள் உண்மையாகவே செய்யப்போவதாக இருக்கட்டும். போலீஸ், பத்திரிகை, முதலமைச்சர் தனிப்பிரிவு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினால் எதையும் செய்யமாட்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும்.

வரும் பதில்களின் பொருள்

என் கடிதத்துக்கு அன்றே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. 12ஆம் தேதி, "உங்கள் பார்சல் பயணத்தில் உள்ளது, விரைவில் சேரும்" என்று இன்னொன்று. இதற்குப் பொருள், யாரும் எழுந்து பார்க்கவில்லை என்பது. கோபப்படாமல் அதே மின்னஞ்சல் தொடரில் ஒரே வரி எழுதினேன்: "மூன்று கேள்விகளில் எதற்கும் இதில் பதில் இல்லை, கெடு மாறவில்லை." அன்று மாலையே புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. இது அடிக்கடி நடப்பதுதான். பதில் அனுப்பியதும் கணினி புகாரை மூடிவிடும். புதுப் புகார் போடாதீர்கள், கணக்கு முதல்நாளிலிருந்து மறுபடி தொடங்கிவிடும். பழைய எண்ணையே மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

14ஆம் தேதி நாலு மணிக்கு முதல் உருப்படியான பதில் வந்தது, குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து. புனே வண்டியின் மேனிஃபெஸ்டில் பெட்டி இருந்திருக்கிறது, ஆனால் இறக்கும்போது குறைவு என்று அங்கே குறித்திருக்கிறார்கள், அதை யாரும் மேலே சொல்லவில்லை. சென்னையில் தேடியதில் இல்லை. இந்தப் பதில் என் கையில் இருந்த மூன்று ஊகங்களில் இரண்டை அடித்துவிட்டது. மிச்சம் வேறு வண்டி. அன்றைக்கே மூன்றாவது கேள்வியை மட்டும் தனியாக எழுதி, பெட்டியின் படத்தை அன்று இரவு வண்டி போன ஹப்புகளுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். 17ஆம் தேதி மதியம் ஹைதராபாத் ஹப்பிலிருந்து ஒரு படம் வந்தது. லேபிள் பாதி கிழிந்த பெட்டி, பச்சைக் கயிறு. பக்கத்து வரிசையில் நின்ற வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அங்கே போனபின் பார்கோடு படியாமல் எட்டு நாள் மூலையில் உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள்ளும் ஒரு காகிதத்தில் முகவரியும் போன் எண்ணும் எழுதிப் போட்டிருந்தால் முதல்நாளே முடிந்திருக்கும் கதை.

"கிடைக்கவில்லை" என்ற பதில் வந்தால், அதை அப்படியே விட்டுவிடாமல், தொலைந்ததாக எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் "தேடல் தொடர்கிறது" என்றே மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். காரணம் அடுத்த பத்தியில்.

கெடு தாண்டினால்: 180 நாள்

2007ஆம் ஆண்டின் சட்டம், 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியர் நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன, அரசு வராது. அதனால் அஞ்சல் துறைப் பார்சலுக்கு வேறு வழி. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்வது: பொருள் தொலைந்தது அல்லது சேதமானது என்று வழக்குப் போட வேண்டுமானால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புப் போயிருக்க வேண்டும். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. எனக்கு அது 2025 ஆகஸ்ட் 2. "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலை நம்பி ஏழாவது மாதம் விழித்தால் கதவு மூடியிருக்கும். மின்னஞ்சலோடு நிற்காமல், நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு அஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, கவுன்டரில் ஸ்பீட் போஸ்டையே பதிவு வசதியோடு கேட்டு வாங்க வேண்டும். சேர்ந்ததற்கான சான்றையும் கேளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். அதிக ரிஸ்க் கட்டணம் கட்டாமல் சாதாரணமாக அனுப்பியிருந்தால், இந்தச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் பொறுப்பு, கட்டணத்தைப்போல் பத்து மடங்கு வரைதான், அதுவும் அறிவித்த மதிப்புக்கு மேல் போகாது. என் கணக்கில் 14,500 ரூபாய்ப் பொருளுக்கு 7,600 ரூபாய். ரசீதின் பின்பக்கப் பொடியெழுத்தில் இதைவிடக் குறைந்த தொகையும் போட்டிருப்பார்கள். அது செல்லாது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் தொடுத்த வழக்கில், ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததற்கு, கையெழுத்திட்ட ரசீதில் இருந்த 100 டாலர் வரம்பே செல்லும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரசீதில் கையெழுத்துப் போட்டீர்களா, அந்த நிபந்தனை உங்களுக்குக் காட்டப்பட்டதா என்பதெல்லாம் வழக்கில் பேசுபொருளாகும். விலை உயர்ந்த பொருளுக்கு மதிப்பை அறிவித்தால் மட்டும் போதாது. கூடுதல் கட்டணம் கட்டி ரிஸ்க் கவர் எடுத்தால்தான் இந்த வரம்பு தளரும்.

கெடு போனதும் முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவு செய்தால் அவர்கள் நிறுவனத்தோடு பேசுவார்கள். பல புகார்கள் இதிலேயே முடிந்துவிடும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட முடியும், ஐந்து லட்சம் வரை மனுக்கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் அந்த 180 நாள் அறிவிப்பு தனி, இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். வியாபாரத்துக்காக அனுப்பிய சரக்கு என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் சிறுதொழில் என்றால், அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

பெட்டி வந்து சேரும்போது

தொலைந்து கிடைத்த பெட்டி அநேகமாகத் திறந்து மூடியதாகத்தான் இருக்கும். டெலிவரி ஆள் அவசரப்படுவார். கையெழுத்துப் போடும் முன் ஆறு பக்கமும் வீடியோ எடுத்து, ரசீதில் "பெட்டி கிழிந்து, வேறு டேப் ஒட்டிய நிலையில் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். எடை போட முடிந்தால் அவர் நிற்கும்போதே போடுங்கள்.

21ஆம் தேதி, கெடுவின் கடைசி நாள் மாலை, புனேயில் பெட்டி இறங்கியது. தங்கை மகள் நான் சொன்னபடியே செய்தாள். புடவைகள் பத்திரம். விளக்கின் நாலு பாகம் பத்திரம், அன்னத்தின் கழுத்து மட்டும் ஒரு பக்கம் வளைந்திருந்தது. அன்றிரவே படங்களோடு அதே மின்னஞ்சல் தொடரில் நான் எழுதினேன், சேதத்துக்குத் தனி அறிவிப்பாக, பதிலுக்கு 28ஆம் தேதி என்று கெடு வைத்து. 27ஆம் தேதி கட்டணம் 760 ரூபாயைத் திருப்பித் தருவதாக எழுதினார்கள். நாச்சியார்கோவிலில் புது அன்னம் அதைவிடக் குறைவுதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.